மழை ஒன்று, சேதம் ஐந்து: வீட்டு பாலிசி எந்தெந்த இடரைப் பெயர் சொல்லிக் காக்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தைத் தாண்டியதும் அடங்கிவிடும் என்று பலரும் நினைத்தார்கள். அது மெதுவாக உள்ளே நகர்ந்து, வலுவிழந்து, டிசம்பர் 1, 2 தேதிகளில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கம் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. திருமணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தது. கடலே இல்லாத ஊரில் புயல் சேதம் எப்படி வரும் என்ற கேள்விக்கு அந்த இரண்டு நாட்கள் பதில் சொல்லிவிட்டன.

அதன்பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, வெள்ளத்துக்குப் பணம் வருமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. எந்த பாலிசி, அதில் எந்த இடர் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது, சேதத்தைச் செய்தது அந்த இடர்தானா என்று மூன்று படிகளில்தான் பதிலை அடைய முடியும்.

முதலில், கையில் இருப்பது வீட்டு பாலிசிதானா?

வீட்டுக் கடன் வாங்கும்போது "இன்சூரன்ஸ்" என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். பலருக்கு அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. அவர் இறந்தால் மீதிக் கடன் அடையும். சுவர் இடிந்தால் ஒரு ரூபாயும் வராது. ஆகவே பாலிசிப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் யாருக்கு, எதற்கு என்று பாருங்கள். "காப்பீடு செய்யப்பட்ட சொத்து" என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரி இருந்தால் அது வீட்டு பாலிசி. பிறந்த தேதியும் நாமினி பெயரும் மட்டும் இருந்தால் அது வீட்டுக்கானது அல்ல.

வங்கி உண்மையிலேயே வீட்டுக்கு பாலிசி எடுத்திருந்தாலும், தொகை பெரும்பாலும் கடன் அளவுக்குத்தான் இருக்கும். வீட்டைத் திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும், கடன் 8 லட்சம் என்றால், அந்த 8 லட்சத்துக்குள்தான் எல்லாமே. சாமான்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெயர் சொன்ன இடர் என்றால் என்ன?

காப்பீட்டில் இரண்டு விதமாக எழுதலாம். "விலக்கியவை தவிர எல்லாச் சேதத்துக்கும்" என்பது ஒன்று. "கீழே எழுதிய காரணங்களால் வந்த சேதத்துக்கு மட்டும்" என்பது இன்னொன்று. நம் ஊரில் சாதாரண வீட்டு பாலிசி இரண்டாவது வகை. பட்டியலில் காரணத்தின் பெயர் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் எவ்வளவு பெரிய நஷ்டமானாலும் அந்த பாலிசிக்கு அதில் வேலையில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான அடிப்படை பாலிசி எல்லா நிறுவனங்களிலும் ஒரே வாசகத்தில் இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. நிறுவனம் எதுவானாலும் இந்தப் பெயர் பத்திரத்தில் இருந்தால் இடர் பட்டியல் ஒன்றேதான். மழைக்காலத்துக்கு நமக்கு வேண்டியவை அதில் ஐந்து இடங்களில் இருக்கின்றன:

1. ஸ்டார்ம், சைக்ளோன், டைஃபூன், டெம்பஸ்ட், ஹரிக்கேன், டொர்னாடோ, சுனாமி, ஃப்ளட், இனன்டேஷன் என்று ஒரே வரியில் வரும் கூட்டம். புயல், சூறைக்காற்று, வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் இதற்குள்.
2. வீடு நிற்கும் நிலம் உள்வாங்குதல், நிலச்சரிவு, பாறைச்சரிவு.
3. வெளிப்பொருள் மோதுவதால் வரும் சேதம். விழும் மரம், சாயும் பக்கத்துச் சுவர், வண்டி எல்லாம் இதில் சேரும்.
4. மின்னல்.
5. தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடிப்பது அல்லது வழிவது.

இவற்றால் சேதம் நடந்து, அதன் காரணமாகவே 7 நாட்களுக்குள் திருட்டுப் போனால் அதுவும் உண்டு. வெள்ளத்துக்காக வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பத்திரம் வைத்திருப்பவர்களும், வீட்டோடு கடையோ பட்டறையோ சேர்த்து வேறு பாலிசி எடுத்தவர்களும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பழைய தீ மற்றும் சிறப்பு இடர் பாலிசியில் மேலே சொன்ன முதல் வரியை எஸ்.டி.எஃப்.ஐ என்று சுருக்கி எழுதுவார்கள். பிரீமியத்தைக் குறைக்க அந்த வரியையே நீக்கி பாலிசி வாங்க முடிந்தது. அட்டவணைப் பக்கத்தில் எஸ்.டி.எஃப்.ஐ நீக்கப்பட்டது என்று ஒரு சின்ன வரி இருந்தால், புயலுக்கும் வெள்ளத்துக்கும் பாதுகாப்பு இல்லை. அதே பாலிசியில் மோதல் என்றால் ரயில், சாலை வாகனம், விலங்கு மோதுவதுதான்; மரம் விழுவது அந்த வரிக்குள் வராது.

புயல் வலுவிழந்த பிறகு வந்த சேதம் புயல் சேதமா?

வானிலைத் துறைக்குக் காற்றின் வேகக் கணக்கு உண்டு. மணிக்கு சுமார் 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் சைக்ளோன், அதற்குக் கீழே ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், இன்னும் கீழே தாழ்வு மண்டலம். ஃபெஞ்சல் சேலம் பக்கம் வந்தபோது அது புயலாக இல்லை. "அப்போ சைக்ளோன் இல்லையே, கிளெய்ம் போடலாமா?" என்று தயங்கியவர்கள் உண்டு.

தயங்கத் தேவையில்லை. அந்த வரியில் சைக்ளோன் ஒரு சொல் மட்டுமே. ஸ்டார்ம், ஃப்ளட், இனன்டேஷன் ஆகியவையும் தனித்தனியாகப் பெயர் சொல்லப்பட்டுள்ளன. இத்தனை கிலோமீட்டர் காற்று அடிக்க வேண்டும் என்ற அளவு அந்த வாசகத்தில் இல்லை. கிளெய்ம் படிவத்தில் காரணம் எழுதும்போது "புயல்" என்று மட்டும் எழுதாமல், நடந்ததை எழுதுங்கள்: "டிசம்பர் 1 இரவு கனமழையில் தெருவில் பெருகிய நீர் வீட்டுக்குள் 2 அடி ஏறியது." புயலின் பெயரை எழுதி, அது அன்று புயலாக இருந்ததா என்ற வாதத்துக்கு நீங்களே இடம் கொடுக்க வேண்டாம்.

ஆறு கரை உடைந்தால்தான் வெள்ளமா?

சேலம் நகரத்தில் இந்தக் கேள்விதான் முக்கியம். தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் வரும் தண்ணீர் நேராகத் திருமணிமுத்தாற்றிலிருந்தே வருவதில்லை. சாக்கடை ஏறும், ஏரி வாய்க்கால் வழியும், சிலசமயம் போக வழியில்லாமல் மழைநீரே தெருவில் தேங்கி வாசலைத் தாண்டும். இதைப் பார்த்து "இது தேங்கிய தண்ணீர், வெள்ளம் அல்ல" என்று சொல்லப்படுவது உண்டு.

2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைப் பார்த்தது. ஒரு சிமெண்ட் ஆலையின் நிலக்கரி கனமழையில் அடித்துக்கொண்டு போனது. எந்த நீர்நிலையும் கரை தாண்டவில்லை, அதனால் வெள்ளம் இல்லை என்பது காப்பீட்டு நிறுவனத்தின் வாதம். நீர்நிலை வழிவதோடு, நீர் சேர்ந்து சூழ்வதும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் விரிவாகப் பொருள் கொண்டது. இனன்டேஷன் என்ற சொல் பாலிசியில் ஃப்ளட் பக்கத்தில் தனியாக நிற்பதன் பயன் இதுதான்.

ஆனால் மேலிருந்து இறங்கும் நீர் வேறு கதை. மொட்டை மாடித் தளத்தின் பழைய வெடிப்பில் மழைநீர் ஊறி, சீலிங் காரை உதிர்ந்தால், அங்கே வெள்ளமும் இல்லை, நீர் சூழ்தலும் இல்லை. பராமரிப்பு இல்லாமல் மெல்ல மெல்ல வந்த கசிவு பட்டியலில் எங்கும் இல்லை. அதே கூரையில் காற்று ஷீட்டைப் பிய்த்து, அந்த வழியாக மழை இறங்கியிருந்தால் கதை மாறும். திறப்பை உண்டாக்கியது சூறைக்காற்று. உள்ளே நனைந்ததும் அதன் தொடர்ச்சி.

மலைவீடு: சரிவு எது, இறங்கல் எது?

சேர்வராயன் மலையில் வீடு கட்டும் முறைதான் இங்கே சிக்கலின் வேர். சமதளம் கிடையாது. சரிவின் மேல் பக்கத்தை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீட்டை எழுப்புகிறார்கள். அதனால் ஒரே வீட்டில் பின்பாதி வெட்டிய கெட்டித் தரையிலும், முன்பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். பின்னால் வெட்டிய மண்ணைத் தாங்க ஒரு தடுப்புச்சுவர்.

பாலிசி நிலச்சரிவைப் பெயர் சொல்லி ஏற்கிறது. ஆனால் அதே வரியின் பக்கத்தில் சில விலக்குகளும் இருக்கின்றன: புதுக் கட்டடம் இயல்பாக உட்காருவது, அதனால் வரும் வெடிப்பு; கொட்டி மேடாக்கிய மண் இறங்குவது, நகர்வது; கரை அரிப்பு; குறையான வடிவமைப்பு, வேலை, பொருள்; கட்டட வேலை நடப்பது, மண் தோண்டுவது. இந்த ஐந்தில் இரண்டாவதும் நான்காவதும் மலைவீட்டை நேராகத் தொடுகின்றன. பாலிசி வாங்கும்போது யாரும் இதைப் படித்துக் காட்டுவதில்லை. மலையில் வீடு வைத்திருப்பவர் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

தடுப்புச்சுவர் ஏன் விழுகிறது என்று தெரிந்தால் விலக்கின் பொருளும் விளங்கும். சுவருக்குப் பின்னால் உள்ள மண் நனையும்போது மண்ணின் எடையோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்கிறது. 2 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுதாகத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 2 டன் விசையோடு தள்ளும். அந்த நீரை வெளியேற்றத்தான் சுவரில் துளைக் குழாய்கள் விடுகிறார்கள். வீப் ஹோல் என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். குழாயின் பின்னால் ஜல்லி போடாமல் நேராக மண்ணை நிரப்பினால் ஒன்றிரண்டு மழையிலேயே அடைத்துக்கொள்ளும். துளையே விடாத சுவர் விழுந்தால், "குறையான வடிவமைப்பு" என்று நிறுவனம் சொல்ல இடம் உண்டு. துளை இருந்து, அதில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தும், மேலே சரிவே பெயர்ந்து வந்து சுவரைத் தள்ளியிருந்தால் அது நிலச்சரிவு.

சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்போது தேடும் அடையாளங்கள் இரண்டு விதம். வீட்டுக்காரரும் இவற்றைத் தானே பார்க்கலாம்.

நிலம் பெயர்ந்ததென்றால் வீட்டுக்கு மேலே, சரிவில், பிறை வடிவத்தில் புதிதாக விரிசல் தெரியும். மரங்களும் கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். சுவர் வெடிப்பின் ஓரங்கள் கூர்மையாக, செங்கல் நிறம் பளிச்சென்று இருக்கும். உள்ளே தூசியோ பழைய பெயிண்டோ இருக்காது.

மண் மெல்ல இறங்கியதென்றால் வெடிப்பு படிப்படியாக, செங்கல் கூட்டு வழியே, ஜன்னல் மூலையிலிருந்து மூலைவிட்டமாகப் போகும். உள்ளே சிலந்தி வலை, முன்பு பூசிய சிமெண்ட், பழைய பெயிண்ட் இருக்கும். கதவு சில வருடமாகவே இழுத்துப் பிடித்திருக்கும். ஒருமுறை சிமெண்ட் பூசி மறைத்த வெடிப்பு மீண்டும் அதே இடத்தில் திறந்தால், மழையைக் காரணமாகச் சொல்வது கடினம்.

ஒரு வீட்டின் கணக்கு

ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துச் சரிவில் 900 சதுர அடி கார்பெட் பரப்புள்ள ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கார்பெட் பரப்பு என்பது வெளிச்சுவரைச் சேர்க்காமல், உள்ளே புழங்கக் கூடிய பரப்பு. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் கட்டடம் 18 லட்சம். தடுப்புச்சுவர், காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க் மூன்றுக்கும் 2.5 லட்சம் தனியாகச் சேர்த்து மொத்தம் 20.5 லட்சத்துக்கு பாலிசி. தடுப்புச்சுவரும் காம்பவுண்டு சுவரும் வீட்டுக் கட்டடத்தின் பகுதியாகவே பாலிசியில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. மலையில் சுவரின் செலவே சிலசமயம் ஒரு அறையின் செலவைத் தாண்டும், அதனால் மதிப்புப் போடும்போது அதை விடக்கூடாது. இதில் நிலத்தின் விலை சேராது. சரிந்துபோன நிலத்துக்கு இந்த பாலிசியில் பணமில்லை.

சாமான்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. இந்த வீட்டுக்கு அது 4.10 லட்சம்.

ஒரு கனமழை இரவில் நடந்தவை இவை:

1. மேல் சரிவு பெயர்ந்து தடுப்புச்சுவரைத் தள்ளி, சமையலறைச் சுவரையும் உடைத்தது. சீர்செய்ய 2,40,000. பிறை விரிசல் தெளிவாக இருக்கிறது, துளைக் குழாய்கள் இருக்கின்றன. நிலச்சரிவு, ஏற்கப்படும்.
2. சில்வர் ஓக் மரம் பின்பக்க ஷீட் கூரையின் மேல் விழுந்தது. 45,000. காற்று சாய்த்ததென்றாலும், மரம் மோதியதென்றாலும் இரண்டு பெயரும் பட்டியலில் இருக்கின்றன, ஏற்கப்படும்.
3. சரிந்து வந்த சேறு சமையலறையில் புகுந்து ஃப்ரிட்ஜ், கிரைண்டர், அலமாரி கெட்டன. 40,000. நிலச்சரிவின் தொடர்ச்சி, ஏற்கப்படும்.
4. முன்பக்க போர்டிகோ கொட்டிய மண்ணில் நிற்கிறது. அது இரண்டு அங்குலம் இறங்கி, வீட்டோடு சேருமிடத்தில் பிளந்தது. 90,000. மேடாக்கிய மண் இறங்குவது விலக்கில் இருக்கிறது. இது பெரும்பாலும் கிடைக்காது.
5. ஹால் சீலிங்கில் பழைய கசிவு இந்த மழையில் பெரிதாகிக் காரை விழுந்தது. 30,000. கிடைக்காது.

இவற்றோடு இன்னொன்று: மறுநாள் கரண்ட் வந்தபோது ஏறிய மின்னழுத்தத்தில் இன்வெர்ட்டர் கருகியது, 22,000. மின் சாதனம் ஷார்ட் சர்க்யூட்டிலோ அதிக அழுத்தத்திலோ தானே கெட்டால் அந்தச் சாதனத்துக்கு மட்டும் பாலிசி பணம் தராது. மின்னலால் வந்த மின்கோளாறுக்கும் இதே விலக்கு. நனைந்த ஃப்ரிட்ஜை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பது இதனால்தான் ஆபத்து. உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். தண்ணீரால் கெட்ட பொருள், போட்டுப் பார்த்ததால் கருகிய பொருளாக மாறி விலக்குக்குள் போய்விடுகிறது என்பது அடுத்தது.

மொத்த நஷ்டம் 4,67,000. பாலிசி ஏற்கக் கூடியது 3,25,000. இதன்மேல் இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை, அதாவது 6,500 ரூபாயும், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரை, அதாவது 16,250 ரூபாயும் சேரலாம். மலையில் சேறு அள்ளும் செலவுக்கு 6,500 போதாது. மீதி கையிலிருந்துதான் போகும்.

பட்டறை, தறி, ஹோம்ஸ்டே

சேலத்தில் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறையோ விசைத்தறியோ வைத்திருப்பது சாதாரணம். வீட்டு பாலிசி வீட்டு உபயோகச் சாமான்களுக்குத்தான். தறி, பாவு, வெள்ளிச் சரக்கு, பட்டறைக் கருவி இவை வெள்ளத்தில் போனால் வீட்டுப் பாலிசியில் கேட்க முடியாது. அதற்கென சிறுதொழில்களுக்கு 2021 முதலே பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று தனிப் பாலிசி இருக்கிறது. சொத்து மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கானது.

ஏற்காட்டில் இதே சிக்கல் ஹோம்ஸ்டே வடிவில் வருகிறது. வசிக்கும் வீட்டில் அறைகளை விருந்தினருக்கு விடத் தொடங்கினால் பயன்பாடு மாறுகிறது. அதை நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். கூடவே இரண்டு அறை இழுத்துக் கட்டினால், கார்பெட் பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடிய பகுதியைச் சேர்த்துக்கொள்ளக் கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் பதிய வேண்டும். 900 சதுர அடி வீட்டில் 90 சதுர அடி என்பது ஒரு குளியலறையோடு சேர்ந்த சிறு அறைகூட இல்லை. பதியாமல் விட்டால் கூட்டிக் கட்டிய பகுதிக்குப் பாதுகாப்பு இருக்காது.

சேதம் நடந்த நாளில் செய்ய வேண்டியது

கழுவுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். வெள்ளம் வடிந்ததும் சுவரில் சேற்றுக்கோடு ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் அளவு டேப்பைத் தரையிலிருந்து பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம். அறையின் நான்கு சுவரிலும் ஒவ்வொன்று. தண்ணீர் வெளியிலிருந்து ஏறி வந்தது, மேலிருந்து ஒழுகவில்லை என்பதற்கு எல்லா அறையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும் இந்தக் கோட்டைவிட நல்ல சாட்சி இல்லை. மலையில் என்றால் வீட்டை மட்டும் எடுக்காமல், மேல் சரிவு, அதிலுள்ள விரிசல், சாய்ந்த மரம், சுவர்த் துளைகளில் வடியும் நீர் ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். இரண்டு நாளில் பஞ்சாயத்தோ நெடுஞ்சாலைத் துறையோ ஜேசிபி வைத்து மண்ணை அள்ளிவிட்டால் காரணத்தின் சுவடே மறைந்துவிடும்.

தகவலை உடனே சொல்ல வேண்டும். போனில் சொன்னாலும் ஒரு மின்னஞ்சல் போட்டு வைப்பது நல்லது. கிளெய்ம் படிவத்தைச் சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மேலும் சேதம் வராமல் தார்ப்பாய் போடுவது, முட்டுக் கொடுப்பது போன்றவற்றுக்கு சர்வேயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ரசீதை வைத்துக்கொண்டால் போதும். கெட்ட பொருட்களை மட்டும் அவர் பார்க்கும்வரை வீசாதீர்கள். சேலத்திலும் ஏற்காட்டிலும் வானிலைத் துறையின் மழைப்பதிவு இருக்கிறது. அந்த நாளின் பதிவு, நாளிதழ்ச் செய்தி, கிராம நிர்வாக அலுவலரின் சான்று இவற்றைச் சேர்த்துவைத்தால் "அன்று இங்கே அப்படி மழை இல்லை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

மறுத்துக் கடிதம் வந்தால்

கடிதத்தில் எந்த வரியைக் காட்டி மறுக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வரி சொல்லாமல் "பாலிசி நிபந்தனைப்படி ஏற்க இயலாது" என்று மட்டும் இருந்தால், எந்த விலக்கு, அதற்கு சர்வேயர் அறிக்கையில் என்ன ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள்; அறிக்கையின் நகலையும் கேளுங்கள். பெயர் சொன்ன இடரால் சேதம் வந்தது என்று காட்டுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. அதை அவர் காட்டிய பிறகு, இது விலக்குக்குள் வருகிறது என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. மேலே சொன்ன வீட்டில் போர்டிகோவின் 90,000-ஐயும் இதை வைத்துப் பேசிப் பார்க்கலாம்: மண் தானாக இறங்கவில்லை, சரிவே நகர்ந்தபோது அதுவும் நகர்ந்தது என்று ஒரு கட்டடப் பொறியாளர் அளவெடுத்து எழுதிக் கொடுத்தால், "கொட்டிய மண்" என்ற ஒரே சொல்லால் அதைத் தள்ளிவிட முடியாது.

நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளை அவர் பார்க்கிறார். நிறுவனம் இறுதியாக மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அங்கே கொண்டுபோக வேண்டியவற்றில் மிகவும் பயன்படுவது, மழைக்கு முன்பே எடுத்துவைத்த சில படங்கள்: தடுப்புச்சுவரின் துளைகள், நான்கு மூலைச் சுவர்கள், போர்டிகோ வீட்டோடு சேரும் இடம், தேதியோடு. புரட்டாசி கடைசியில் ஒரு வெயில் நாளில் எடுத்தால் அரை மணி நேர வேலை.